இன்வொய்ஸ் போன பிறகு வந்த செலவு: டெபிட் நோட்டில் என்ன எழுதினால் காசு வரும்

திருகோணமலையில் ஒரு சிறிய கிளியரிங், லொறிப் போக்குவரத்துக் கம்பனியில் கணக்கு வேலை பார்க்கிறேன். கொழும்புத் துறைமுகத்தில் சரக்கை எடுத்துக் கொடுப்பது, ஹபரணை, கந்தளாய் வழியாக இங்கே கொண்டுவந்து இறக்கிக் கொடுப்பது, இதுதான் எங்கள் தொழில். இந்தத் தொழிலில் ஒரு பிரச்சினை திரும்பத் திரும்ப வரும். வேலை முடிந்து இன்வொய்ஸ் கொடுத்து, சில நேரம் காசும் கைக்கு வந்த பிறகு, கப்பல் கம்பனியிடமிருந்தோ, வெற்றுக் கொன்டெய்னரைத் திருப்பிக் கொடுக்கிற யார்டிலிருந்தோ இன்னொரு பில் வந்து விழும். அது வாடிக்கையாளர் கட்ட வேண்டிய செலவு. ஆனால் அவர் கணக்கில் அந்த வேலை ஏற்கெனவே முடிந்துபோன வேலை. அந்தக் காசை வாங்க நாங்கள் அனுப்புகிற தாள்தான் டெபிட் நோட்.

நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பு எங்கள் ஒஃபிஸில் டெபிட் நோட் என்றால் ஒரே ஒரு வரிதான். "மேலதிகக் கட்டணங்கள்" என்று எழுதி, தொகையைப் போட்டு, கீழே "தயவுசெய்து உடன் செலுத்தவும்". பழைய ஃபைல்களைப் புரட்டிப் பார்த்தபோது அப்படிப் போன நோட்டுகளில் பாதிக்கு மேல் காசு வராமலே கிடந்தது. யாரும் கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை, எழுதியும் மறுக்கவில்லை. சும்மா அவர்கள் மேசையில் கிடந்திருக்கின்றன. ஏனென்று யோசித்தால் காரணம் தெளிவு. அந்த நோட்டைக் கையில் எடுக்கிறவர் முதலாளி அல்ல, அங்கே இருக்கிற கணக்காளர். அவர் லொறியையும் பார்க்கவில்லை, கொன்டெய்னரையும் பார்க்கவில்லை. அவர் கையில் அந்தத் தாள் மட்டும்தான் இருக்கிறது. எந்த வேலைக்கு, ஏன் இப்போது, யார் ஒத்துக்கொண்டது, எப்படிக் கணக்குப் போட்டது என்ற நாலு கேள்விக்கும் அந்தத் தாளிலேயே பதில் இல்லாவிட்டால் அவர் கையெழுத்து வைக்க மாட்டார், வைக்கவும் கூடாது.

ஒரு வேலையை முழுதாகவே சொல்கிறேன், அப்போதுதான் வசனம் ஏன் அப்படி வருகிறது என்று விளங்கும். வாடிக்கையாளர் யார் என்று காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நிலாவெளிப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த ஒரு ஹோட்டலுக்கு 20 அடிக் கொன்டெய்னர் ஒன்று, உள்ளே சமையலறைச் சாமான்களும் டைல்ஸும். 2025 மே 22, வியாழக்கிழமை, கொழும்புத் துறைமுகத்திலிருந்து வெளியே எடுத்தோம். 24ஆம் திகதி சனிக்கிழமை காலை 9 மணிக்கு ட்ரெய்லர் நிலாவெளியில் நின்றது. இறக்க இடமில்லை. சாமான் வைக்க வேண்டிய அறைக்கு கொங்கிரீட் போட்டு முடியவில்லை, வெளியே வைத்தால் மழை, களவு இரண்டுக்கும் பயம். ட்ரெய்லரைக் கொன்டெய்னரோடு அங்கேயே விட்டுவிட்டு, அதை இழுக்கிற பிரைம் மூவரை மட்டும் வேறு ஓட்டத்துக்கு எடுத்துக்கொண்டு வந்துவிட்டோம். ஜூன் 1ஆம் திகதி பின்னேரம் 4 மணிக்குத்தான் இறக்கி முடித்தார்கள். வெற்றுக் கொன்டெய்னர் ஜூன் 3இல் கொழும்பு யார்டுக்குத் திரும்பப் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நடுவில் ஹோட்டல்காரருக்கு மாதம் முடிவதற்குள் இன்வொய்ஸ் வேண்டியிருந்தது, வங்கியில் கடன் தவணை எடுக்க அதைக் காட்ட வேண்டுமாம். அதனால் மே 28இல், சாமான் இன்னும் கொன்டெய்னருக்குள்ளேயே இருக்கும்போது, இன்வொய்ஸ் கொடுத்தோம். தொகை ரூ. 285,000, கிளியரிங் கூலியும் போக்குவரத்தும் சேர்த்து. அவர்களும் சொன்னபடி ஜூன் 9இல் முழுதாகக் கட்டிவிட்டார்கள். ஜூன் 13இல் கப்பல் கம்பனியின் பில் வந்தது.

கொன்டெய்னர் கப்பல் கம்பனியுடையது. துறைமுகத்திலிருந்து எடுத்த நாளிலிருந்து குறிப்பிட்ட சில நாட்கள் இலவசமாகத் தருவார்கள், அதற்கு மேல் நாளுக்கு இவ்வளவு டொலர் என்று கணக்கு. அந்த நாட்களும் விகிதமும் கம்பனிக்குக் கம்பனி, பெட்டியின் அளவுக்கு அளவு மாறும். எங்களுக்கு இந்தப் பெட்டிக்கு இலவசம் 7 நாள், அதற்கு மேல் நாளுக்கு 15 டொலர். இந்தப் பில் கொன்டெய்னர் திரும்பப் போன பிறகுதான் வரும், அதற்கு முன்னால் கப்பல் கம்பனிக்கே எத்தனை நாள் என்று தெரியாது. ஆகவே இன்வொய்ஸில் இதைச் சேர்க்க வழியே இருக்கவில்லை. இந்த விஷயத்தை நோட்டில் எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் கணக்காளரின் முதல் சந்தேகம் அதுதான்: இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள்?

எழுதுவதற்கு முன்னால் எதை எழுதக்கூடாது என்று பிரிக்க வேண்டியிருந்தது. எங்கள் கையில் நாலு செலவு இருந்தது. கப்பல் கம்பனியின் தாமதக் கட்டணம், எங்கள் ட்ரெய்லர் நின்ற நாட்களுக்கான வாடகை, கொன்டெய்னருக்குள் ஆணியோடு கிடந்த பலகைகளை அகற்றிக் கழுவியதற்கு யார்ட் போட்ட ரூ. 4,500, கடைசியாகக் கதவுப் பிணைச்சல் வளைந்திருந்ததற்குத் திருத்தக் கூலி ரூ. 18,000. முதலாளி நாலையும் போடச் சொன்னார். நான், "ஐயா, கதவை விடுவோம், அது ஹோட்டலில்தான் வளைந்தது என்று காட்ட எங்களிடம் ஒரு படம்கூட இல்லை" என்றேன். துறைமுகத்தில் பெட்டியை எடுக்கும்போது தரும் சீட்டில் பழுது எதுவும் குறிக்கப்படவில்லை, திரும்பக் கொடுக்கும்போது குறித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நடுவில் 260 கிலோமீட்டர் அளவுக்குப் போகவும் அதே அளவுக்கு வரவும் எங்கள் ட்ரெய்லரில்தான் அது இருந்தது. ட்ரைவரைக் கேட்டால் ஹோட்டலில் என்பார், ஹோட்டலைக் கேட்டால் ரோட்டில் என்பார்கள்.

இங்கே என் அபிப்பிராயம் மிகவும் உறுதியானது. நிரூபிக்க முடியாத ஒரு வரியை மற்ற மூன்று நல்ல வரிகளோடு சேர்த்தால், அந்த ஒன்றுக்காக முழு நோட்டும் நிற்கும். பெரும்பாலான இடங்களில் கணக்காளர் ஒரு டெபிட் நோட்டைப் பாதி பாஸ் பண்ண மாட்டார், சந்தேகம் தீரும்வரை முழுவதையும் ஒதுக்கி வைத்துவிடுவார். சரி என்று முதலாளி ஒத்துக்கொண்டார். கதவுப் பிரச்சினையைக் கப்பல் கம்பனியோடு தனியாகக் கதைத்துக் குறைத்துக்கொள்ளப் பார்த்தோம்.

மீதி மூன்றுக்கும் எங்கள் கொட்டேஷனில் ஆதாரம் இருந்தது. அதில் இவற்றுக்குப் பொருந்துகிற இரண்டு நிபந்தனைகள் எழுதியிருந்தோம், 5ஆவதும் 6ஆவதும். ஒன்று, கப்பல் கம்பனி, துறைமுகம், யார்ட் ஆகியவற்றின் கட்டணங்கள் பில்லின்படி அப்படியே வாடிக்கையாளரைச் சேரும். மற்றது, வாகனம் போய்ச் சேர்ந்து 24 மணித்தியாலத்துக்குள் இறக்க வேண்டும், அதற்கு மேல் நிற்கும் ஒவ்வொரு முழு நாளுக்கும் ட்ரெய்லருக்கு ரூ. 6,000. அவர்கள் அந்தக் கொட்டேஷனில் கையெழுத்து வைத்துத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். இப்படி ஒரு நிபந்தனை இல்லாத செலவை டெபிட் நோட்டில் எவ்வளவு அழகாக எழுதினாலும் அது வேண்டுகோள்தான், பில் அல்ல. டீசல் விலை நடுவில் ஏறியது, ட்ரைவருக்கு இரவுப் படி கூடியது என்பவை அந்த வகை. கொட்டேஷனில் விலையைக் கட்டிக் கொடுத்துவிட்டு அவற்றைப் பிறகு டெபிட் நோட்டில் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அடுத்த ஓட்டத்தை அவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

சில பேர் இந்த இடத்தில் கேட்பார்கள், ஏன் இன்னொரு இன்வொய்ஸ் போட்டால் என்ன என்று. போடலாம்தான், ஆனால் புது இன்வொய்ஸ் என்றால் அங்கே புது வேலை என்று பார்ப்பார்கள், அதற்கு ஓர்டர் எங்கே என்று தேடுவார்கள், இல்லையென்றால் பழைய கொன்டெய்னருக்கே இரண்டாம் முறை பில் வந்திருக்கிறது என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள். பழைய இன்வொய்ஸைத் திரும்ப வாங்கிக் கிழித்துவிட்டுப் புதிதாகக் கொடுப்பது அதைவிட மோசம். அது வங்கிக்குப் போயிருக்கிறது, அவர்கள் மே மாதக் கணக்கில் ஏறியிருக்கிறது, அதற்கு நேரே காசும் கட்டப்பட்டிருக்கிறது. டெபிட் நோட் அந்த இன்வொய்ஸைத் தொடாமல், அதன் இலக்கத்தைச் சொல்லி, அதன் மேல் இவ்வளவு கூடுகிறது என்கிறது.

ஆனால் டெபிட் நோட்டுக்கே ஒரு சிக்கல் உண்டு. கடைத்தெருவில் டெபிட் நோட் என்றால் பெரும்பாலும் வாங்கினவர் விற்றவருக்கு அனுப்புவது, சாமான் பழுது, திருப்பி அனுப்புகிறோம், உங்கள் காசில் இவ்வளவு கழிக்கிறோம் என்று. ஆகவே புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பிள்ளை எங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு, நாங்கள் ஹோட்டலுக்குக் காசு தர வேண்டியிருக்கிறது என்று எதிர்ப்பக்கத்தில் ஏற்றிவிட வாய்ப்பு உண்டு. வேறொரு வாடிக்கையாளரிடம் இது நடந்திருக்கிறது, மாத முடிவில் அவர்கள் அனுப்பிய கணக்குப் பட்டியலில் எங்கள் நிலுவை கூடுவதற்குப் பதிலாகக் குறைந்திருந்தது. அதனால் இப்போது எந்த நோட்டாக இருந்தாலும் முதல் வசனத்திலேயே யார் யாருக்குக் கட்ட வேண்டும் என்று நேராக எழுதிவிடுகிறேன்.

ஜூன் 16, திங்கட்கிழமை, அனுப்பிய நோட் இது. கணக்காளர் இங்கேயே இருப்பதால் தமிழில் எழுதினோம். கொழும்புத் தலைமை ஒஃபிஸுக்குப் போவதென்றால் இதே ஒழுங்கில் ஆங்கிலத்தில் எழுதுவோம்.

டெபிட் நோட் இல. 07
திகதி: 2025 ஜூன் 16
தொடர்பான இன்வொய்ஸ்: இல. 0418, 2025 மே 28, ரூ. 285,000
வேலை: கொழும்புத் துறைமுகம் – நிலாவெளி, 20 அடிக் கொன்டெய்னர் ஒன்று (இலக்கம் இணைப்பில்)

"மேற்படி இன்வொய்ஸுக்கு மேலதிகமாக, கீழ்க்காணும் தொகையை நீங்கள் எங்களுக்குச் செலுத்த வேண்டியுள்ளது. இன்வொய்ஸ் 0418இல் மாற்றம் இல்லை. அதற்கான உங்கள் கொடுப்பனவு முழுதாகக் கிடைத்துள்ளது.

இன்வொய்ஸ் வழங்கிய மே 28ஆம் திகதி சாமான்கள் இறக்கப்பட்டிருக்கவில்லை, ஆகவே இக்கட்டணங்களின் தொகை அன்று தெரிந்திருக்கவில்லை. கப்பல் கம்பனியின் பில் ஜூன் 13ஆம் திகதி எங்களுக்குக் கிடைத்தது.

1. கொன்டெய்னர் தாமதக் கட்டணம், அதாவது டிடென்ஷன், கப்பல் கம்பனியின் பில்லின்படி. மே 22 முதல் ஜூன் 3 வரை 13 நாட்கள், இலவச நாட்கள் 7, கட்டணத்துக்குரிய நாட்கள் 6 (மே 29 – ஜூன் 3). 6 நாட்கள் × 15 டொலர் = 90 டொலர். பில்லில் உள்ள மாற்று விகிதம் ரூ. 302. தொகை ரூ. 27,180.

2. ட்ரெய்லர் காத்திருப்புக் கட்டணம், கொட்டேஷன் நிபந்தனை 6இன்படி. வந்து சேர்ந்தது மே 24 மு.ப. 9 மணி, இலவசக் காலம் முடிந்தது மே 25 மு.ப. 9 மணி, இறக்கி முடித்தது ஜூன் 1 பி.ப. 4 மணி. முழு நாட்கள் 7 × ரூ. 6,000. தொகை ரூ. 42,000.

3. கொன்டெய்னர் துப்புரவுக் கட்டணம், யார்ட் பில்லின்படி, கொட்டேஷன் நிபந்தனை 5. தொகை ரூ. 4,500.

மொத்தம் ரூ. 73,680.

மே 25ஆம் திகதி இறக்கப்பட்டிருந்தால் கொன்டெய்னர் மே 27ஆம் திகதி, அதாவது இலவச நாட்களுக்குள், திருப்பி ஒப்படைக்கப்பட்டிருக்கும். இறக்கிய பின் திருப்பி ஒப்படைக்க எடுத்த நேரம் 2 நாட்கள்.

இணைப்பு: கப்பல் கம்பனியின் பில், யார்ட் பில், உங்கள் தள மேற்பார்வையாளர் நேரம் குறித்துக் கையெழுத்திட்ட டெலிவரி நோட், நீங்கள் ஏற்றுக்கொண்ட கொட்டேஷன்.

செலுத்த வேண்டிய திகதி: 2025 ஜூலை 16. இதில் ஏதாவது வரியில் உங்களுக்கு உடன்பாடு இல்லையென்றால் அந்த வரியைக் குறிப்பிட்டு ஜூன் 23ஆம் திகதிக்குள் அறியத் தரவும்."

சில வரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

"இன்வொய்ஸ் 0418இல் மாற்றம் இல்லை, உங்கள் கொடுப்பனவு கிடைத்துள்ளது" என்ற வரி பார்க்கச் சின்னது, ஆனால் அது இல்லாவிட்டால் முன்பு கட்டிய 285,000 எங்கே போனது, அது கணக்கில் ஏறவில்லையா என்று கேட்டு ஒரு சுற்றுக் கதை நடக்கும். கட்டிய ஆளுக்கு முதலில் அந்த நிம்மதியைக் கொடுத்துவிட வேண்டும்.

"தொகை அன்று தெரிந்திருக்கவில்லை" என்று எழுதினோம், "தவறுதலாக விடுபட்டது" என்று எழுதவில்லை. பலரும் மரியாதைக்காக இரண்டாவதை எழுதுகிறார்கள். விடுபட்டது என்றால் அது பில் போட்டவரின் பிழை, உங்கள் பிழைக்கு நாங்கள் ஏன் கட்ட வேண்டும் என்று கேட்க அதுவே வழி விடுகிறது. இங்கே எதுவும் விடுபடவில்லை, செலவே பிறகுதான் உருவானது, நடந்தது எதுவோ அதைத்தான் எழுத வேண்டும். நிஜமாகவே ஒரு வரி விடுபட்ட கேஸ் என்றால் அப்போது விடுபட்டது என்றே எழுதுங்கள், எந்தத் தாளில் அந்த விலை ஏற்கெனவே ஒத்துக்கொள்ளப்பட்டிருந்தது என்பதையும் கூடவே காட்டுங்கள். காரணத்தைப் புனைந்தால் இணைப்பில் இருக்கிற திகதிகளே காட்டிக் கொடுத்துவிடும்.

கட்டணத்தின் பெயரை இணைத்த பில்லில் இருக்கிறபடியே வைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் எல்லாவற்றுக்கும் டெமரேஜ் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அது பெட்டி துறைமுகத்துக்குள்ளேயே நாள் கடந்து கிடந்தால் வருவது. வெளியே எடுத்த பெட்டியைத் திருப்பிக் கொடுக்கத் தாமதமானால் வருவது டிடென்ஷன். நோட்டில் டெமரேஜ் என்று எழுதி, பில்லில் டிடென்ஷன் என்று இருந்தால், "நாங்கள் சுங்க வரியை நேரத்துக்குத்தான் கட்டினோம், துறைமுகத்தில் தாமதமே இல்லையே" என்று நியாயமாகவே சொல்வார்கள். தண்டம், அபராதம் போன்ற வார்த்தைகளையும் நான் தொடுவதில்லை. அவை குற்றம் சாட்டுகின்றன, இங்கே நடந்தது ஒரு பெட்டியைக் கூடுதல் நாள் வைத்திருந்ததற்கான வாடகை மட்டும்தான்.

டொலர் விகிதத்தில் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். நாங்கள் கப்பல் கம்பனிக்குக் கட்டியது அவர்கள் பில்லில் போட்ட விகிதத்தில், ஆகவே வாடிக்கையாளரிடமும் அதே விகிதம்தான், நோட் எழுதுகிற அன்றைய வங்கி விகிதம் அல்ல. ரூபாயை ரவுண்ட் பண்ணி 27,500 என்று போடவும் கூடாது. பில்லில் இருக்கிற தொகையும் நோட்டில் இருக்கிற தொகையும் ஒரு ரூபாய் வித்தியாசப்பட்டாலும் பில்லின்படி என்ற சொல் பொய்யாகிவிடும்.

இந்த நோட்டில் எனக்கு முக்கியமான வசனம் மொத்தத்துக்குக் கீழே இருக்கிற "மே 25ஆம் திகதி இறக்கப்பட்டிருந்தால்" என்பதுதான். தாமதக் கட்டணம் என்றால் வாடிக்கையாளர் உடனே நினைப்பது, இதில் எத்தனை நாள் உங்கள் லொறியால் போனது என்று. அதற்கு நாங்களே முன்கூட்டிக் கணக்குப் பார்க்க வேண்டும். எடுத்த நாள் 22, இடத்துக்கு வந்தது 24, அவர்களுக்கு இறக்க ஒரு நாள், திருப்பிக் கொண்டுபோக இரண்டு நாள், ஆக 27இல் முடிந்திருக்க வேண்டும், இலவசம் 28 வரை இருந்தது. ஆகவே 6 நாளும் அவர்கள் பக்கத் தாமதம் என்று துணிந்து எழுத முடிந்தது. இதே கணக்கில் எங்கள் பக்கம் ஒரு நாள் தாமதம் தெரிந்திருந்தால் அந்த ஒரு நாளுக்கான 15 டொலரை நாங்களே கழித்துவிட்டு மீதியைத்தான் போட்டிருப்போம், கழித்ததையும் நோட்டில் காட்டியிருப்போம்.

இதெல்லாம் நிற்பது டெலிவரி நோட்டில் இருக்கிற இரண்டு நேரத்தின் மேல். வந்த நேரம், இறக்கி முடித்த நேரம், இரண்டுக்கும் பக்கத்தில் அங்கே நின்ற மேற்பார்வையாளரின் கையெழுத்து. ட்ரைவர்மாருக்கு இதைப் பழக்குவதுதான் கஷ்டமான வேலை, ஏனென்றால் வந்த உடனே கையெழுத்துக் கேட்டால், "சாமானே இறக்கவில்லை, அதற்குள் என்ன கையெழுத்து" என்று தள சூப்பர்வைசர் எரிந்து விழுவார். அதனால் டெலிவரி நோட்டிலேயே வாகனம் வந்த நேரத்துக்குத் தனிக் கட்டம் போட்டு, அதன் கீழே "வாகனம் வந்ததை மட்டும் உறுதி செய்கிறேன்" என்று அச்சடித்தோம். அதன் பிறகு கையெழுத்து வாங்குவது இலகுவாகிவிட்டது.

வற் வரி பற்றி ஒன்று. எங்கள் கம்பனி வற் வரிக்குப் பதிவு செய்யாதது, ஆகவே எங்கள் நோட்டில் வரி என்ற வரியே இல்லை, தலைப்பும் வெறும் டெபிட் நோட். பதிவு செய்தவர்கள் இன்வொய்ஸை வரி இன்வொய்ஸாகக் கொடுத்திருப்பார்கள். அவர்கள் பின்னர் தொகையைக் கூட்டினால் அதற்கும் வரி டெபிட் நோட் என்ற தலைப்பில், மூல வரி இன்வொய்ஸின் இலக்கத்தோடு, இரு தரப்பின் வரிப் பதிவிலக்கத்தோடு, வரித் தொகையைத் தனியாகக் காட்டிக் கொடுக்க வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து விகிதம் 18 சதவீதம். பதிவு இல்லாதவர் வாடிக்கையாளர் கேட்டார் என்பதற்காக அப்படித் தலைப்புப் போட்டு வரி அறவிடக் கூடாது, அது சட்டப் பிரச்சினை.

நோட் அனுப்புவதற்கு முன்னால் அந்தக் கணக்காளரைக் கூப்பிட்டுக் கதைத்தேன். டெபிட் நோட் ஒருவர் மேசையில் திடீரென்று விழக்கூடாது. "அண்ணா, நிலாவெளிக் கொன்டெய்னருக்குக் கப்பல் கம்பனி பில் வந்திருக்கு, இறக்கப் பிந்தினதால. கணக்கோட அனுப்புறன், பார்த்துட்டு ஏதும் எண்டால் சொல்லுங்கோ" என்றேன். அவர், "அனுப்புங்கோ தம்பி, ஆனா மே மாதத் திகதி போட்டு அனுப்ப ஏலுமோ, செலவு மே மாதத்தோட போகட்டும்" என்றார். அது முடியாது என்று பணிவாகச் சொன்னேன். நோட்டின் திகதி அதைக் கொடுக்கிற திகதிதான். எங்கள் நோட்டுகள் இலக்க வரிசையில் போகின்றன, ஜூன் மாத நோட் ஒன்றுக்கு மே திகதி வைத்தால் வரிசை குழம்பும். அதோடு ஜூன் 13இல் வந்த பில்லை இணைத்து மே மாதத் திகதி போட்டால் அந்த நோட்டே சந்தேகத்துக்கு இடமாகிவிடும். செலவு எந்த மாதத்துக்குரியது என்பதை அவர்கள் தங்கள் புத்தகத்தில் தீர்மானிக்கட்டும், அதற்குத்தான் உள்ளே ஒவ்வொரு நாளும் எழுதியிருக்கிறதே என்றேன். அவரும் விளங்கிக்கொண்டார்.

தவணைத் திகதியும் அப்படித்தான். 30 நாள் என்றால் டெபிட் நோட் கொடுத்த நாளிலிருந்து 30 நாள். இன்வொய்ஸ் திகதியிலிருந்து எண்ணினால் நோட் கைக்குப் போகும்போதே அவர்களுக்கு இருக்க வேண்டிய நாட்களில் பாதிக்கு மேல் போயிருக்கும்.

அவர்களிடமிருந்து ஒரே ஒரு ஆட்சேபனை வந்தது, இரண்டாவது வரியில். மே 25 ஞாயிற்றுக்கிழமை, அன்று தளத்தில் ஆட்கள் இல்லை, அந்த நாளை எண்ணக்கூடாது என்றார்கள். முதலாளிக்குக் கோபம். ஏனென்றால் அவர்கள் கடைசியில் இறக்கி முடித்த ஜூன் 1ஆம் திகதியும் ஞாயிறுதான். ஆனால் எங்கள் கொட்டேஷனில் 24 மணித்தியாலம் என்று மட்டும்தான் இருந்தது, ஞாயிறும் போயாவும் சேரும் என்றோ சேராது என்றோ ஒரு சொல்லும் இல்லை. எழுதியிருப்பதை வைத்துத்தான் பேச முடியும். ஒரு நாளை விட்டுக்கொடுத்தோம்.

விட்டுக்கொடுத்த விதமும் முக்கியம். அனுப்பிய நோட்டை மாற்றி எழுதி அதே இலக்கத்தில் திரும்ப அனுப்பவில்லை. அப்படிச் செய்தால் ஒரே இலக்கத்தில் இரண்டு தொகை உலவும், எது பாஸ் ஆனது என்று இரண்டு பக்கமும் குழம்பும். தனியாக ஒரு கிரெடிட் நோட் கொடுத்தோம்: "டெபிட் நோட் இல. 07, வரி 2, 2025 மே 25 – 26க்கான ஒரு நாள் ட்ரெய்லர் காத்திருப்புக் கட்டணம், இரு தரப்பும் பேசி உடன்பட்டபடி குறைக்கப்படுகிறது. தொகை ரூ. 6,000. டெபிட் நோட் 07இல் இனிச் செலுத்த வேண்டியது ரூ. 67,680." கடைசி வசனத்தில் மீதித் தொகையை எழுதிவிட்டதால் செக் எவ்வளவுக்கு எழுதுவது என்று அவர்கள் திரும்பக் கேட்கவில்லை. ஜூலைத் தவணைக்கு முன்பே அந்தத் தொகைக்கு செக் வந்தது.

அதன் பிறகு தாள்களில் இரண்டு வசனங்களை மாற்றினோம். கொட்டேஷனில் 24 மணித்தியாலத்துக்குப் பக்கத்தில் "ஞாயிறு, போயா, பொது விடுமுறை நாட்களும் உட்பட" என்று சேர்த்தோம். அதைப் பார்த்துவிட்டுச் சில வாடிக்கையாளர் விலை பேசும்போதே ஞாயிறை விடச் சொல்கிறார்கள், அது நல்லதுதான், பேச வேண்டிய நேரம் அதுதானே. கொன்டெய்னர் திரும்பப் போவதற்கு முன்பு கொடுக்கிற இன்வொய்ஸ்களில் மொத்தத் தொகைக்குக் கீழே இப்படி ஒரு வரி போடுகிறோம்: "கொன்டெய்னர் இன்னும் திருப்பி ஒப்படைக்கப்படவில்லை. கப்பல் கம்பனி, யார்ட், காத்திருப்புக் கட்டணங்கள் ஏதும் இருப்பின் பில் கிடைத்ததும் டெபிட் நோட் மூலம் தனியாக அறவிடப்படும்." இந்த வரியை மொத்தத்துக்குக் கீழே, அவர்கள் கண் படுகிற இடத்தில் வைக்க வேண்டும், பின்பக்க நிபந்தனைகளுக்குள் அல்ல. வங்கிக்குக் காட்ட இன்வொய்ஸ் கேட்கிறவர்கள் சில பேர் இந்த வரி வேண்டாம் என்பார்கள். அப்போது அதே வசனத்தை அன்றைக்கே ஒரு தனிக் கடிதமாக எழுதிக் கொடுத்து, பிரதியில் கையெழுத்து வாங்கி இன்வொய்ஸ் ஃபைலில் வைத்துக்கொள்கிறேன்.